காது காய்ந்தாலும் நோய் போவதில்லை: நடுச்செவிக்குள் வளரும் தோல் எலும்பை எப்படி அரிக்கிறது

காதில் சீழ் வடிந்தால் சென்னையில் பெரும்பாலானோர் முதலில் போவது மருந்துக்கடைக்கு. ஒரு சொட்டு மருந்து வாங்கி ஒரு வாரம் விட்டால் சீழ் நின்றுவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்து, சளி பிடித்தபோதோ தலைக்குக் குளித்தபோதோ மறுபடியும் வடியும். மறுபடியும் அதே மருந்து. இப்படியே வருடக்கணக்கில் போகும். செவிப்பறையின் நடுவில் சாதாரண ஓட்டை மட்டும் இருப்பவர்களுக்கு இதனால் பெரிய ஆபத்து வருவது அரிது. ஆனால் கொலஸ்டியாட்டோமா இருப்பவர்களுக்கு, சீழ் நின்றிருக்கும் அந்த மாதங்களிலும் உள்ளே எலும்பு கரைந்துகொண்டே இருக்கலாம். காது காய்ந்ததை நோய் குணமானதாக எடுத்துக்கொள்வதால்தான் பலர் தாமதமாக வருகிறார்கள்.

கொலஸ்டியாட்டோமா புற்றுநோய் அல்ல, கட்டியும் அல்ல. இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும் சாதாரணத் தோல் அது. நம் கையிலும் காலிலும் இருக்கும் அதே வகைத் தோல், செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுச்செவிக்குள் பைபோல் புகுந்து வளர்வதைத்தான் இப்படிச் சொல்கிறோம். சிலருக்குப் பிறவியிலேயே, முழுமையான செவிப்பறைக்குப் பின்னால் வெள்ளை முத்துப்போல் இருக்கும். அது அரிது. மிகப் பெரும்பாலானவர்களுக்குப் பிற்காலத்தில் வருவது செவிப்பறையின் மேல்பகுதி உள்ளிழுக்கப்பட்டு உண்டாகும் பைதான். இந்தக் கட்டுரை அந்த வகையைப் பற்றியது.

செவிப்பறை சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள சவ்வு. அதன் பெரும்பகுதி இறுக்கமானது. நடு அடுக்கில் நார்கள் வரிசையாக ஓடி அதற்கு உறுதி தருகின்றன. மேல் ஓரத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் தளர்வானது. அங்கே அந்த நார் அடுக்கு ஒழுங்காக அமைவதில்லை. நடுச்செவிக்கும் மூக்கின் பின்பகுதிக்கும் இடையே உள்ள யூஸ்டேச்சியன் குழாய், நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறந்து உள்ளே காற்று விடவேண்டும். சிறு வயதிலிருந்தே சளித் தொல்லை, மூக்கடைப்பு, அடினாய்டு வீக்கம் இருந்தவர்களுக்கு இந்தக் குழாய் சரியாக வேலை செய்யாமல் போவதுண்டு. நடுச்செவியின் சவ்வு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், வெளியிலிருந்து காற்று வராவிட்டால் உள்ளே அழுத்தம் குறைகிறது. அப்போது சவ்வின் பலவீனமான மேல்பகுதி முதலில் உள்வாங்குகிறது. ஆரம்பத்தில் வெறும் பள்ளம். பல வருடங்களில் அது ஆழமாகி, வாய் குறுகி அடி பெருத்த சுருக்குப்பைபோல் ஆகிவிடுகிறது.

பள்ளம் எந்தக் கட்டத்தில் நோயாகிறது என்பதைப் புரிந்துகொள்ள, காதுத் தோலின் ஒரு தனி இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். உடம்பின் மற்ற இடங்களில் இறந்த செல்கள் தேய்த்துக் குளிக்கும்போது உதிர்ந்துவிடும். காதுக்குள் தேய்க்க வழியில்லை. அதனால் செவிப்பறையின் தோல் தானாகவே நகர்கிறது: நடுவிலிருந்து ஓரத்துக்கு, அங்கிருந்து காதுக்குழாய் வழியாக வெளியே. வேகம் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. காது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்வது இப்படித்தான். பள்ளத்தின் வாய் அகலமாக இருக்கும்வரை உள்ளே உதிரும் செல்களும் இதே வழியில் வெளியேறிவிடும். வாய் குறுகியதும் வெளியே வர வழியில்லை. பைக்குள் கெரட்டின் எனப்படும் இறந்த தோல் செதில்கள் அடுக்கடுக்காகச் சேர்கின்றன. பையின் சுவரோ உயிருள்ள தோல். அது நாள்தோறும் புதுச் செதில்களை உதிர்த்துக்கொண்டே இருக்கும். எனவே பை பெருக்கத்தான் முடியும், தானாகச் சுருங்க முடியாது.

எலும்பு கரைவதற்குக் காரணம் பையின் அழுத்தம் மட்டுமே என்று முன்பு நினைத்தார்கள். அழுத்தத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் முக்கியமான வேலை நடப்பது பைக்கும் எலும்புக்கும் இடையில் இருக்கும் மெல்லிய அழற்சித் திசுவில். செதில் குவியல் ஈரமாகும்போது கிருமிகள் அதில் குடியேறுகின்றன. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அவற்றில் அடிக்கடி காணப்படுவது. கிருமிகள் தங்களைச் சுற்றிப் பசைப்படலம் போர்த்திக்கொள்வதால் மருந்து உள்ளே எட்டுவதில்லை. இந்தத் தொடர் தொற்றுக்கு எதிராக உடம்பு அனுப்பும் அழற்சிச் செல்கள் சில வேதிச் சமிக்ஞைகளைச் சுரக்கின்றன. அந்தச் சமிக்ஞைகள் ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. எலும்பு முறிந்தால் பழைய எலும்பை அகற்றிப் புதியதற்கு இடம் கொடுப்பதும் இதே செல்கள்தான். இங்கே அவற்றை நிறுத்தச் சொல்லும் சமிக்ஞை வருவதில்லை. அதோடு, எலும்பின் புரதச் சட்டத்தைச் சிதைக்கும் நொதிகளும் அந்தத் திசுவில் சேர்கின்றன. தொற்று அதிகமான நாட்களில் அரிப்பு வேகமாகும், காது காய்ந்த நாட்களில் மெதுவாகும். பை உள்ளே இருக்கும்வரை முழுதாக நின்றுவிட்டது என்று நம்ப இடமில்லை.

அரிப்பு எந்த வழியில் போகும் என்பதும் ஓரளவு கணிக்கக்கூடியதே. முதலில் கரைவது, தளர்ந்த பகுதிக்கு நேர் மேலே, காதுக்குழாயின் கூரை முடியும் இடத்தில் இருக்கும் கூர்மையான எலும்பு விளிம்பு. அடுத்து பட்டடை எலும்பு. சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகளில் பட்டடையின் நீண்ட கிளைக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு. அதன் நுனி கரைந்தால் அங்கவடியோடு இருந்த தொடர்பு அறுந்து, செவிப்பறையின் அதிர்வு உட்செவிக்குப் போகாது. கேட்கும் திறன் அப்போதுதான் சட்டென்று குறையும். ஆனால் இதிலும் ஒரு ஏமாற்று உண்டு: எலும்பு அறுந்த இடத்தைச் செதில் குவியலே நிரப்பி ஒலியைக் கடத்திவிடுவதால், சிலருக்குக் காது நன்றாகவே கேட்கும். நோயை எடுத்த பிறகு கேட்பது குறையும். இதை அறுவைக்கு முன்பே நோயாளியிடம் சொல்லாவிட்டால், “நல்லா இருந்த காதை டாக்டர் கெடுத்துட்டார்” என்றுதான் வீட்டில் பேசுவார்கள்.

பட்டடைக்குப் பக்கத்திலேயே மூன்று முக்கியமான இடங்கள் இருக்கின்றன. ஒன்று, சமநிலையைக் காக்கும் பக்கவாட்டு அரைவட்டக் குழல். அதன் எலும்பு மூடி கரைந்தால், காதின் முன்மடலை விரலால் அழுத்தினாலே தலை சுற்றும். மற்றொன்று, முகத்தின் அந்தப் பக்கத்தை அசைக்கும் முக நரம்பு. அது நடுச்செவி வழியே மெல்லிய எலும்புக் குழாய்க்குள் ஓடுகிறது. பலருக்கு அந்தக் குழாயில் பிறவியிலேயே இடைவெளி இருக்கும். மூன்றாவது, மேலே மூளையைத் தாங்கும் எலும்புத் தட்டு. அதன் தடிமன் மிகக் குறைவு. அதைத் தாண்டித் தொற்று போனால் மூளைக்காய்ச்சல், மூளைக்குள் சீழ்க்கட்டி வரை போகலாம். காதில் சீழ் உள்ளவருக்குத் தலைசுற்றல், வாய் ஒரு பக்கம் கோணுதல், கண் மூட முடியாமை, காதின் பின்னால் வீக்கம், விடாத தலைவலியோடு காய்ச்சலும் வாந்தியும் — இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

இனி ஒருவரின் நிலையை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். வண்ணாரப்பேட்டையில் தையல் வேலை செய்யும் 34 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். எட்டு வருடமாக இடது காதில் விட்டுவிட்டு வடிகிறது. வலி இல்லை. வடிவது கொஞ்சம்தான், ஆனால் நாற்றம் தாங்கவில்லை. அவரே சொல்வதுபோல், “தலகாணி உறையே வாடை அடிக்குது.” இந்தக் குறி முக்கியமானது. செவிப்பறையின் நடுவில் ஓட்டை இருப்பவர்களுக்குச் சளி போன்ற நீர் ஏராளமாக வரும், நாற்றம் பெரிதாக இருக்காது. கொஞ்சமாக, கெட்ட வாடையோடு, சில நேரம் இரத்தம் கலந்து வந்தால் உள்ளே அழுகும் செதில் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் மேல் ஓரத்தில் பழுப்பு நிறப் பொருக்கு ஒன்று தெரிகிறது. அழுக்கு என்று விட்டுவிடத் தோன்றும். மைக்ராஸ்கோப்பின் கீழ் சக்ஷன் எனும் உறிஞ்சுகுழல் வைத்து அதை மெதுவாக எடுத்தால்தான் பையின் வாயும், உள்ளே வெண்மையான செதிலும் தெரியும். இந்த இடத்தில் வெண்செதில் தெரிந்துவிட்டால் நோயைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அறியத்தான் தேவை. மேல் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பொருக்கை எடுத்துப் பார்க்காமல் “காது நார்மல்” என்று எழுதுவது, இந்த நோயைத் தவறவிடும் மிகச் சாதாரணமான வழி.

கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராமில் அவருடைய இடது காதுக்குக் காற்றுவழிக் கேட்பு 45 டெசிபல், எலும்புவழி 10 டெசிபல். இரண்டுக்கும் இடையே 35 டெசிபல் இடைவெளி. உட்செவி நன்றாக இருக்கிறது, ஒலியைக் கடத்தும் பாதையில்தான் கோளாறு என்று இதற்குப் பொருள். காது எலும்புக்கான மெல்லிய வெட்டுகளுடன் எடுத்த சி.டி. ஸ்கேனில் மேல் விளிம்பு எலும்பு மழுங்கியிருக்கிறது. பட்டடையின் நீண்ட கிளையைக் காணோம். நோய்த்திசு நடுச்செவியின் மேல்தளத்திலிருந்து, காதுக்குப் பின்னால் இருக்கும் மாஸ்டாய்டு எலும்பின் வாசல் அறைவரை போயிருக்கிறது. அரைவட்டக் குழலின் மூடி மெலிந்திருக்கிறது, உடையவில்லை. மாஸ்டாய்டு எலும்பு தேன்கூடுபோல் காற்றறைகளோடு இல்லாமல் கெட்டியாக இறுகியிருக்கிறது. சி.டி. எலும்பைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் அங்கே இருப்பது கொலஸ்டியாட்டோமாவா, வெறும் சீழும் வீக்கத் திசுவுமா என்று பிரித்துச் சொல்ல அதனால் முடியாது. அதற்கு எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்ற தனிவகைப் படம் உண்டு. கெரட்டின் அதில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கும் சிறியதாக இருந்தால் அதுவும் தவறவிடலாம்.

இவருக்கு ஏன் மாத்திரையும் சொட்டு மருந்தும் போதாது? சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்து கிருமியைக் குறைக்கும், வாடையைக் குறைக்கும், அறுவைக்கு முன் காதைக் காயவைக்க உதவும். அது வேண்டியதுதான். ஆனால் உயிருள்ள தோலை எந்தச் சொட்டு மருந்தாலும் கரைக்க முடியாது. குறுகிய வாய் வழியாகப் பைக்குள் ஆழமாக மருந்து போவதும் இல்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சில சொட்டு மருந்துகளில் ஜென்டாமைசின், நியோமைசின் போன்றவை இருக்கும். செவிப்பறை திறந்திருக்கும் காதில் அவை உட்செவிக்குப் போனால் கேட்கும் நரம்புச் செல்களைப் பாதிக்கக்கூடியவை. சூடான எண்ணெய் ஊற்றுவது, கோழி இறகு விட்டுக் குடைவது, பட்ஸ் போடுவது எல்லாமே பையை ஈரமாக்கி, செதிலை இன்னும் உள்ளே தள்ளும்.

அறுவையில்லாமல் சமாளிக்கும் வழி முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. மயக்க மருந்து தாங்காத உடல்நிலை உள்ளவர்கள், மிக வயதானவர்கள், கேட்கும் ஒரே காதில் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு, பையின் வாய் போதுமான அளவு அகலமாக இருந்தால், மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் செதிலை உறிஞ்சி எடுத்து நாள் கடத்தலாம். நோய் அப்படியே இருக்கும், கவனிப்பில் இருக்கும் அவ்வளவுதான். 34 வயதில் இன்னும் நாற்பது வருட வாழ்க்கை இருப்பவருக்கு இது சரியான வழி அல்ல.

அறுவையின் நோக்கத்தை வரிசையாகச் சொல்லவேண்டும், அந்த வரிசையை மாற்றக்கூடாது: முதலில் ஆபத்தில்லாத காது, அடுத்து காய்ந்த காது, மூன்றாவதாகத்தான் கேட்கும் காது. இந்த வரிசை புரியாமல் போனால் பிறகு மனக்கசப்பு வரும்.

முழு மயக்கத்தில் காதின் பின்னால் கீறி, மாஸ்டாய்டு எலும்பைச் சிறு டிரில்லால் குடைந்து போகிறார்கள். குடையும்போது தண்ணீர் இடைவிடாமல் ஊற்றப்படும். இல்லாவிட்டால் சூட்டிலேயே முக நரம்பு பாதிக்கப்படலாம். நரம்புக்கும் அரைவட்டக் குழலுக்கும் அருகே போகும்போது டிரில் முனையில் இருக்கும் வெட்டும் பர்ரை மாற்றி வைரத்துகள் பதித்த பர்ரைப் போடுவார்கள். அது எலும்பைச் சீவாமல் தேய்க்கும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். பையை அதன் சுவரோடு முழுதாக உரித்து எடுப்பதுதான் வேலையின் உயிர். ஒரு துணுக்குத் தோல் விட்டுப்போனாலும் அது சில வருடத்தில் மறுபடி முத்துப்போல் வளரும். அரைவட்டக் குழலின் மூடி மெலிந்திருக்கும் இடத்தில் உள்ள தோலைக் கடைசியில், சக்ஷனை நேராக வைக்காமல் உரிக்கவேண்டும். ஓட்டை தெரிந்தால் உடனே தசைச் சவ்வால் மூடவேண்டும். மைக்ராஸ்கோப் நேர்கோட்டில்தான் பார்க்கும். மூலைகளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதைப் பார்க்க 30 டிகிரி, 45 டிகிரி சாய்வாகப் பார்க்கும் எண்டோஸ்கோப் இப்போது பெரிய துணை.

அடுத்து வருவதுதான் உண்மையான முடிவெடுக்கும் இடம்: காதுக்குழாயின் பின்சுவர் எலும்பை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா? வைத்துக்கொண்டால் காது இயல்பான வடிவத்தில் இருக்கும், தண்ணீர் பட்டாலும் பெரிய தொல்லையில்லை. ஆனால் அதன் பின்னால் நோய் மிச்சமிருந்தாலோ திரும்ப வந்தாலோ வெளியிலிருந்து தெரியாது. அது நேரும் வாய்ப்பும் இந்த முறையில் அதிகம். அதனால் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் கழித்து மறுபடி திறந்து பார்க்கவேண்டும், அல்லது டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும், பிறகும் சில வருடம் தொடரவேண்டும். சுவரை எடுத்துவிட்டால் மாஸ்டாய்டும் காதுக்குழாயும் ஒரே குழியாகும், காதின் வெளிவாயைப் பெரிதாக்கிவிடுவார்கள். நோய் திரும்பினால் கிளினிக்கிலேயே கண்ணால் பார்த்துவிடலாம். பதிலுக்கு, ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை குழியைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், குளிர்ந்த நீரோ ஏ.சி. காற்றோ நேராக அடித்தால் தலை சுற்றலாம்.

இதில் எது உயர்ந்தது என்ற பழைய வாதத்தைவிட, இந்த நோயாளி திரும்ப வருவாரா என்ற கேள்வி முக்கியம் என்றே கருதுகிறோம். குழந்தைகளுக்கும், காற்றறைகள் நன்கு வளர்ந்த காதுகளுக்கும் சுவரைக் காப்பாற்ற முயல்வது நியாயம். வெளியூரிலிருந்து சென்னைக்கு அறுவைக்காக மட்டும் வந்து போகிறவருக்கு, அடுத்த வருட ஸ்கேனை நம்பிச் சுவரை வைத்துவிட்டு அனுப்புவது நியாயம் அல்ல. நம் தையல்காரப் பெண்ணுக்கு எலும்பு இறுகியிருப்பதால் குழி சிறியதாகத்தான் அமையும், நோய் அரைவட்டக் குழல்மேல் படர்ந்திருக்கிறது, இரண்டாவது அறுவைக்கு விடுப்பு எடுக்கவும் முடியாது. அவருக்குச் சுவரை எடுத்து, குழியைக் குருத்தெலும்பாலும் எலும்புத் தூளாலும் ஓரளவு நிரப்பி, காதின் வெளிவாயை அகலமாக்குவது பொருத்தம். அங்கவடி நன்றாக இருந்தால் அதன் தலைமேல் குருத்தெலும்போ டைட்டானியம் துண்டோ வைத்து, தசைச் சவ்வால் புதிய செவிப்பறையை அமைக்கலாம். 35 டெசிபல் இடைவெளி 20 அளவுக்கு வந்தால் நல்ல பலன். பழையபடி கேட்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கக்கூடாது.

மயக்கம் தெளிந்ததும் மருத்துவர் கண்ணை இறுக மூடச் சொல்வார், பல்லைக் காட்டச் சொல்வார். முக நரம்பு வேலை செய்கிறதா என்ற சோதனை அது. மரத்துப்போக ஊசி போட்டிருந்தால் சில மணி நேரம் பலவீனம் இருந்து தானே தெளியலாம். அனுபவமுள்ள கைகளில் நிரந்தரப் பாதிப்பு சுமார் 1 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. நாக்கின் ஒரு பக்கத்தில் உலோகச் சுவை வருவது இதைவிட அதிகம். சுவை நரம்பு நடுச்செவியின் குறுக்கே போவதால் அப்படி ஆகும், பெரும்பாலும் சில மாதங்களில் பழகிவிடும். தையல் ஏழு முதல் பத்து நாளில் பிரிக்கப்படும், உள்ளே வைத்த மருந்துத் துணி இரண்டு மூன்று வாரத்தில் எடுக்கப்படும். அதுவரை மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவேண்டும். தலைக்குக் குளிக்கும்போது வாசலைன் தடவிய பஞ்சை காது வாயில் அடைத்துக்கொள்ள வேண்டும். குழியின் உட்புறம் முழுதும் புதுத்தோல் மூட இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை கொஞ்சம் ஈரம் வருவது இயல்பு. அதற்குப் பிறகும் வாடையோடு வடிந்தால் குழியில் ஏதோ சரியில்லை.

செலவு பற்றி: சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள் சேருவதற்கு முன்பே காப்பீட்டுக் கவுன்டரில் கேட்டுக்கொள்வது நல்லது.

நம் தையல்காரப் பெண் பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு முறையும் அவருடைய வலது காதையும் பார்க்கவேண்டும். யூஸ்டேச்சியன் குழாயின் கோளாறு பல நேரங்களில் இரண்டு பக்கமும் இருக்கும். அங்கேயும் மேல் ஓரத்தில் ஒரு பள்ளம் இருந்து, அதன் அடிப்பகுதி முழுதும் கண்ணுக்குத் தெரிந்து, செதில் சேராமல் இருந்தால் அதை இப்போதைக்கு விட்டுவைத்துக் கவனிக்கலாம். அடிப்பகுதி தெரியாத அளவுக்கு ஆழமானாலோ பொருக்குத் தட்ட ஆரம்பித்தாலோ, எலும்பு கரையும்வரை காத்திருக்காமல் அந்தக் காதுக்கும் அப்போதே ஸ்கேன் எடுக்கவேண்டும்.